தாயுமானவன் என்ற பெயரோடு பெங்களூரில் அறிமுகமாவது

பெங்களூரு ஆபீஸ்களில் புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாள் ஒரு அறையில் வட்டமாக உட்கார வைப்பார்கள். ஆளாளுக்கு எழுந்து பெயர், ஊர், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தோம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். பாட்னாவில் இருந்து ஒருவர், கோட்டயத்தில் இருந்து ஒருவர், ஹூப்ளியில் இருந்து இரண்டு பேர், நடுவில் திருச்சிக்காரன் நான். என் பெயர் தாயுமானவன். ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து.

இப்படிப்பட்ட பெயர் உள்ளவர்கள் பொதுவாக ஒரு காரியம் செய்வார்கள். பெயரை வேகமாகச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் கஷ்டமான பெயர், சும்மா டி என்று கூப்பிடுங்கள்" என்று அவர்களே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. மன்னிப்புக் கேட்டு அறிமுகம் செய்த பெயரை யாரும் கற்றுக்கொள்ள முயல்வதில்லை, அவ்வளவுதான் காரணம். அதே நேரத்தில், நீளமான பெயரைச் சொன்ன கையோடு வேலை, அனுபவம், கல்லூரி என்று அடுக்குவதும் வீண். கேட்பவர் இன்னும் அந்தப் பெயரின் இரண்டாவது அசையிலேயே நின்றுகொண்டிருப்பார். அடுத்து நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.

பெயர் ஏன் மறக்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1987-இல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர்கள் சிலர் முகப்படங்களைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயரையும் ஒரு தொழிலையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுகிறவரின் தொழிலாகவும் இருக்கும். அதே சொல்லைத் தொழிலாகச் சொன்னபோது நினைவில் வைத்துக்கொண்டார்கள், பெயராகச் சொன்னபோது தவறவிட்டார்கள். ரொட்டிக்காரர் என்றதும் அடுப்பும் மாவும் வாசனையும் சேர்ந்து வந்து மனதில் ஒட்டிக்கொள்கின்றன. பெயருக்கு அப்படி ஒட்ட ஒன்றும் இல்லை. பேக்கரே நிற்கவில்லை என்றால், தமிழே தெரியாதவர் காதில் தாயுமானவன் எப்படி நிற்கும்? பெயரின் கதையைச் சொல்வது இதற்காகத்தான். பெருமைக்காக இல்லை, ஒட்டுவதற்கு ஏதாவது கொடுக்க.

நான் சொல்லும் அறிமுகத்தை அப்படியே தருகிறேன். ஆபீஸில் ஆங்கிலத்தில்தான் சொல்வேன், இங்கே தமிழில்.

"என் பெயர் தாயுமானவன். தாயு, மானவன். அம்மாவாகவும் ஆனவன் என்று பொருள். திருச்சியில் ஊர் நடுவே ஒரு பெரிய பாறை இருக்கிறது, மேலே கோயில். அங்கே சொல்கிற கதை இது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ நேரம். உதவிக்கு வர வேண்டிய அவள் அம்மா, காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் மாட்டிக்கொண்டாள். அந்த அம்மாவின் உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார். என் வேலையும் ஏறக்குறைய அதுதான். ராத்திரி இரண்டு மணிக்குப் பேமெண்ட் சர்வர் படுத்துக்கொண்டால், அதை எழுதியவர் எழுந்து வரும்வரை பார்த்துக்கொள்கிறவன் நான். தாயு என்று கூப்பிடுங்கள்."

நிதானமாகச் சொன்னால் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

முழுப்பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். பிறகு உடைத்துச் சொல்ல வேண்டும். இலக்கணப்படி உடைத்தால் தாயும், ஆனவன். ஆனால் நான் தாயு, மானவன் என்றுதான் உடைக்கிறேன். மற்றவர் நாக்கு அங்கேதான் இளைப்பாறும். இலக்கணம் கேட்கிறவர்களுக்கு மதியச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொள்ளலாம். உடைத்துச் சொல்லும்போது நெடிலை இழுத்துச் சொல்வதும் முக்கியம். ஆங்கில எழுத்தில் "Thayumanavan" என்று பார்க்கிறவருக்கு எங்கே குறில், எங்கே நெடில் என்று தெரிய வழியே இல்லை. அவர் காதுதான் திரையில் இருப்பதைத் திருத்த வேண்டும்.

கதையில் சிவனைத் தவிர யார் பெயரும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் ரத்னாவதி. அம்மா வர வேண்டியது பூம்புகாரில் இருந்து. வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வந்து நின்றபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள், ஒருத்தி மறைந்துபோனாள், அப்போதுதான் வந்தது யார் என்று தெரிந்தது. கதையின் அழகே அந்த இடம்தான். இருந்தும் அதை நான் விட்டுவிடுகிறேன். என் ஒரு பெயரை நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பெயர்களை அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயம் இல்லை. மாத்ருபூதேஸ்வரர் என்று அதே சாமிக்கு வடமொழிப் பெயர் உண்டு, அதிலிருந்து மாத்ருபூதம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு, சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து வைப்பார்கள், திருவிழாவில் இந்தக் கதையையே நடத்திக் காட்டுவார்கள், செட்டிப்பெண் மருத்துவம் என்று பெயர். எல்லாம் நல்ல விஷயங்கள். முதல் நாளுக்கு உரியவை இல்லை.

வேலையோடு முடிச்சுப் போடும் வரிதான் கடினம். கதையில் இருந்து குணத்தை எடுத்தால் கெட்டுவிடும். "என் பெயரைப் போலவே நானும் தாயுள்ளத்தோடு டீமைப் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லியிருந்தால் எதிரில் இருப்பவர்கள் நெளிவார்கள். நம்மை நாமே புகழ்ந்துகொள்வதற்குச் சாமியைச் சாட்சிக்கு இழுத்த மாதிரி ஆகிவிடும். செயலை எடுத்தால் நிற்கும். வர வேண்டியவர் வர முடியாதபோது அந்த இடத்தில் போய் நிற்பது என்பது என் வேலையில் உண்மையாகவே நடக்கிறது. அதைச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு இவனை எதற்குத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. உங்கள் பெயரின் கதையில் அப்படி ஒரு செயல் இல்லை என்றால் முடிச்சே போடாதீர்கள். கதையைச் சொல்லிவிட்டு, வேலையைத் தனியாகச் சொன்னால் போதும். இழுத்துப் பிடித்துப் போட்ட முடிச்சு பின்வரிசைவரை தெரியும்.

இந்த முடிச்சில் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. ஊருக்குப் போக வேண்டும், ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். "அக்கரையில் மாட்டிக்கொண்டேன், பிரதர்" என்று ஹூப்ளிக்காரர் ஒருவர் மெசேஜ் போடுவார். அவர் அப்போது சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருப்பார்.

கடைசியில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அறையில் இருக்கிற யாராவது உதவி செய்வார்கள். இந்தி பேசுகிறவர்களின் கண்ணுக்கு என் பெயரின் நடுவில் மானவ் என்ற சொல் தெரிகிறது. மனிதன் என்று பொருள் தருகிற, அவர்களுக்கு மிகவும் பழகிய பெயர். "ஓ, மானவ்!" என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டால் போதும், அடுத்த நாள் முதல் நான் மானவ். அந்த உற்சாகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒட்டிவிட்டால் பிய்ப்பது கஷ்டம். முதல் வாரத்துக்குள் ஒரு தரம், தனியாக இருக்கும்போது, "தாயு என்றால் எனக்குச் சட்டென்று திரும்பத் தோன்றும், மானவ் என்றால் வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்காகப் பொறுத்திருந்துவிட்டுப் பிறகு சொன்னால் அவருக்குச் சங்கடம், நமக்கும் சங்கடம்.

கன்னடக்காரர்களிடம் கதையே வேறு. கன்னடத்திலும் அம்மாவுக்குத் தாயிதான். பொருளைச் சொல்வதற்கு முன்பே அவர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். ஒருவர் "தாயியூ ஆதவனு" என்று எனக்கே திருப்பிச் சொன்னார், கிட்டத்தட்ட அப்படியேதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஏறும் வண்டிகளில் மண்டியா பக்கத்து டிரைவர்கள் பட்டியலைப் பார்த்து முழுப்பெயரையும் பிசிறில்லாமல் கூப்பிடுவார்கள். பெங்களூரில் தமிழ்ப் பெயரோடு இருப்பவருக்கு இது ஒரு வசதி. அறையில் கன்னடக்காரர் இருந்தால் "கன்னடத்திலும் இதே சொல்தான்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அவர் தலையாட்டுவார், மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள், பெயர் இன்னொரு தரம் அறையைச் சுற்றி வரும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. "தமிழில் இருந்துதான் கன்னடத்துக்குப் போனது" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டும் ஒரு குடும்பத்து மொழிகள், சொல் இரண்டிலும் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொண்டால் மதியம் சேர்ந்து சாப்பிடலாம்.

வட்டத்தில் உங்களுக்கு அடுத்து பேசப்போகிறவர் இருக்கிறாரே, அவரை நம்பாதீர்கள். அவர் நீங்கள் சொன்ன எதையும் கேட்டிருக்க மாட்டார். இதையும் மால்கம் பிரென்னர் என்பவர் 1973-இல் சோதித்துப் பார்த்திருக்கிறார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சொல்லாக உரக்க வாசிக்கச் சொன்னார். தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் ஒவ்வொருவருக்கும் அதிகம் மறந்துபோயின. மனதுக்குள் தன் வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வெளிச்சத்தம் கேட்காது. அதனால் கூட்டம் கலைந்ததும் காபி மெஷின் பக்கத்தில் அந்த ஒருவரிடம் மட்டும் நானே போய், "உங்கள் முறை வந்துவிட்டதால் என் பெயர் காதில் விழுந்திருக்காது" என்று மறுபடி சொல்வேன். அவருடைய பெயரையும் மறுபடி கேட்பேன். அவருக்கு முன்னால் பேசியது நான்தானே, என் வரியை முடித்த நிம்மதியில் அவர் சொன்னதை நானும் சரியாகக் கேட்டிருக்க மாட்டேன்.

சாமி கதையை ஆபீஸில் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம், ஊர்க்கதையாகச் சொல்லும்வரை. "எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்பதில் கேட்பவர் நம்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சிலர் பயந்துகொண்டு சிவன் என்பதை எடுத்துவிட்டு ஏதோ ஒரு சக்தி என்று மழுப்புவார்கள். அது இன்னும் விசித்திரமாக இருக்கும். எங்கள் டீமில் ஒரு தம்பிக்கு நாகூர் ஆண்டவரின் பெயர். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷாகுல் ஹமீது என்ற அந்தப் பெரியவரின் தர்காவில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பது கடற்கரை ஊர்களில் வழக்கம். தம்பி சொல்லும்போது ஒரே வரிதான். "என் பாட்டி கடன்பட்டது நாகூரில், அந்தக் கடனுக்கு வட்டி நான்." அதற்குப் பிறகு அவன் பெயரை யாரும் மறக்கவில்லை. நானும் அவனும் வேண்டுதல் பிள்ளைகள் என்று எங்களுக்குள் ஓர் உறவுகூட உண்டாகிவிட்டது.

ஆமாம், எனக்கும் வேண்டுதல்தான். நான் பிறப்பதற்கு முன்னால் அம்மாவுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. பெரியம்மா மலைக்கோட்டைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். பிறந்தது ஆண்பிள்ளை, பெயரில் வேறு யோசனைக்கே இடமில்லை. இதை நான் அறிமுகத்தில் சொல்வதில்லை. பெயரின் பொருள் பொதுச்சொத்து, பெயர் வந்த ஊர்க்கதையும் பொதுச்சொத்து, எனக்கு அது ஏன் வந்தது என்பது அம்மாவின் கதை. வட்டத்தில் இருக்கிற யாராவது ஒருத்தி சமீபத்தில் அதே வலியைப் பட்டிருக்கலாம், எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. பழகியபின் யாராவது கேட்டால் வாழைத்தார் வரை சொல்வேன். பெரும்பாலும் அதற்கே சிரித்துவிடுவார்கள்.

போன வருடம் டேட்டா டீமில் சேர்ந்த ஒரு பெண், அறிமுகத்தை எழுதி எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பெயரை யாழினி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கம், கல்லூரி முடித்து நேராக இங்கே வந்திருந்தாள். எழுதியிருந்ததை வாசித்தேன். யாழினி என்பது தூய தமிழ்ப் பெயர் என்று ஆரம்பம். யாழ் என்பது பழந்தமிழர்களின் நரம்பு இசைக்கருவி, அதில் பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7, நடுவே மற்ற இரண்டு யாழ்களின் கணக்கு. பிறகு ழகரம் உலகத்திலேயே தமிழில் மட்டும்தான் உண்டு என்று ஒரு வரி. கடைசியில், யாழின் நரம்புகள் சேர்ந்து இசை எழுப்புவதுபோல் டீமோடு இசைந்து வேலை செய்வேன் என்று ஒரு வரி.

"அண்ணா, நல்லா இருக்கா?" என்றாள்.

"உன் மேனேஜர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"பாலக்காடுன்னு சொன்னாங்க."

"அப்போ ழகரம் தமிழுக்கு மட்டும்தான்னு சொன்னதும் அவர் வாழப்பழம்னு ஒரு தரம் சொல்லிக் காட்டுவார். அந்த வரியை எடுத்துடும்மா."

மலையாளத்தில் ழ நன்றாக உயிரோடு இருக்கிறது. பழைய கன்னடத்திலும் அந்த எழுத்து இருந்து வழக்கொழிந்தது. பெயரைப் பற்றி நாம் சொல்லும் தகவல் அறையில் ஒருவருக்குத் தவறு என்று தெரிந்தாலும் போதும், அன்றைக்கு நினைவில் நிற்பது அந்தத் தவறுதான். அதனால் பொருளைச் சொல்வதற்கு முன் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடும் தளங்களில் எந்தப் பெயருக்கும் அழகு, அறிவு, ஒளி என்று ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே தேடக் கிடைக்கிறது. பெயர் முழுதாக அதில் இல்லாவிட்டாலும் அடிச்சொல் இருக்கும். அவளும் நானும் யாழ் என்ற சொல்லை அதில்தான் பார்த்தோம்.

நரம்புக் கணக்கும் போயிற்று. இசைந்து வேலை செய்வேன் என்பதும் போயிற்று. மிச்சமாக நின்றது இவ்வளவுதான். "என் பெயர் யாழினி. வீணைக்கு முன்னால் தமிழ்நாட்டில் யாழ் என்று ஒரு வாத்தியம் இருந்தது. இப்போது வாசிக்கிறவர்கள் அபூர்வம், வாத்தியமே ஏறக்குறைய வழக்கத்தில் இல்லை. அம்மா அந்தப் பெயரை எனக்கு வைத்துப் பாட்டு வகுப்புக்கும் அனுப்பினார், பாட்டு வரவில்லை, பெயர் மட்டும் நின்றது. பழைய பில்லிங் டேட்டாவை ஒழுங்குபடுத்தும் வேலையில் சேர்ந்திருக்கிறேன்." பாட்டு வகுப்பு அவள் எழுதியதில் இல்லை. பேச்சுவாக்கில் அவள் சொன்னது. ஆனால் அவளுடைய கதை என்று அதில் இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எந்த யாழினியும் சொல்லக்கூடியவை.

உச்சரிப்பில்தான் கொஞ்சம் வாக்குவாதம். "Yazhini" என்று எழுதினால் தமிழ், மலையாளம் தெரியாதவர் யாஸினி என்று படிப்பார். அவள் எல்லோருக்கும் ழகரம் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நின்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினைந்து பேர் நாக்கை மடித்து முயன்று தோற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது முதல் நாளில் யாருக்கும் சுகமில்லை, நாளைக்கு அவளைக் கூப்பிடவே தயங்குவார்கள். எந்த ஒலியைத் தவறாகச் சொன்னால் நமக்குப் பரவாயில்லை என்று நாமே முடிவு செய்து கொடுத்துவிட வேண்டும். யாளினி என்றால் பரவாயில்லை, யாஸினி என்றால் கூடாது. "நடுவில் இருக்கிற இசட்டை மறந்துவிடுங்கள், யாளினி என்று சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன்" என்று சொல்லச் சொன்னேன். அரைமனதோடு ஒத்துக்கொண்டாள். பாலக்காட்டு மேனேஜர் மட்டும் முதல் நாளில் இருந்தே ழகரத்தோடு கூப்பிடுகிறார்.

இவ்வளவு சொன்னாலும், எல்லோரிடமும் பெயர்க்கதை கேட்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இப்போது பல இடங்களில் அறிமுகக் கூட்டத்தை நடத்துபவர்கள் "உங்கள் பெயரின் கதையைச் சொல்லுங்கள்" என்பதையே விளையாட்டாக வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் வரிசையாகப் பெண்பிள்ளைகள் பிறந்த வீடுகளில் அடுத்தது ஆணாக வேண்டும் என்று வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு படித்து முன்னேறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், எல்லோரும் சிரித்துப் பேசும் வட்டத்தில் எந்தக் கதையைச் சொல்வாள்? சாதி தெரிந்துவிடும் என்பதால் பெயரைப் பற்றிய பேச்சையே தவிர்ப்பவர்களும் உண்டு. இப்போது எங்கள் டீமில் புதியவர்களை நான்தான் வரவேற்கிறேன். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்பேன். என் கதையை முதலில் சொல்லிவிடுவேன். சொல்ல நினைப்பவர்கள் தாமாகச் சொல்வார்கள், மற்றவர்கள் கூப்பிடும் பெயரைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு மேல் துருவுவதில்லை.

சாதி என்றதும் இனிஷியல் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். அறிமுகம் முடிந்ததும் வடக்கில் இருந்து வந்த யாராவது ஒருவர் "முழுப்பெயர் என்ன?" என்று கேட்பார். தாயுமானவன்தான் முழுப்பெயர், முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பெயர் என்றால், "அது சரி, சர்நேம்?" என்பார். பெரும்பாலும் வெறும் ஆர்வம்தான். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி. சில சமயம் வேறு எதையோ தேடுகிற கேள்வி அது. எதுவானாலும் என் பதில் ஒன்றுதான். "எங்கள் பக்கம் பெயருக்குப் பின்னால் எதுவும் கிடையாது. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரில் இருந்து விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், எங்கள் தாத்தா காலத்திலேயே விட்டாயிற்று." வருடத்தோடும் ஊரோடும் சொன்னால் பேச்சு சரித்திரத்தின் பக்கம் திரும்பிவிடும். கன்னடக்காரர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படுவதில்லை. அவர்களிலும் நிறையப் பேருக்கு ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் இனிஷியலாக முன்னால் நிற்கும்.

சிக்கல் மனிதர்களிடம் இருப்பதைவிட மென்பொருளில் அதிகம். சேரும்போது கொடுக்கும் படிவத்தில் லாஸ்ட் நேம் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவோம். அடுத்த நாள் மெயிலிலும் சாட்டிலும் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும், எல்லோரும் "ஹாய் சிதம்பரம்" என்று எழுதுவார்கள். அறுபது தாண்டிய என் அப்பா பெயரைச் சொல்லி இருபத்திரண்டு வயதுப் பையன் சர்வர் ஏன் விழுந்தது என்று கேட்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். வட்டத்தில் உட்கார்ந்து அழகாகச் சொன்ன அறிமுகத்தை அந்தத் திரை ஒரே நாளில் அழித்துவிடும், ஏனென்றால் அறிமுகத்தைக் கேட்டது ஒரு முறை, திரையைப் பார்ப்பது நாள் முழுக்க. அதனால் சேர்ந்த அன்றே ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போட்டு, காட்டப்படும் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள். சம்பளப் பதிவேட்டிலும் பி.எஃப். கணக்கிலும் இருக்கும் பெயரைத் தொடக் கூடாது. அது ஆதாரோடும் பான் கார்டோடும் ஒத்திருக்க வேண்டும், மாறினால் பிற்பாடு பணம் எடுக்கும்போது அலைய வேண்டும். காட்டப்படும் பெயர் தனி, பதிவுப் பெயர் தனி. இது தெரியாமல் அப்பா பெயரிலேயே வருடக்கணக்கில் வேலை பார்க்கிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

என்னுடையதை இப்படி மாற்றிக்கொண்டேன்:

```
Thayumanavan (Thayu)
```

வீடியோ மீட்டிங்கில் வேறு நாட்டு டீம் இருந்தால் கதைக்கு நேரம் இருக்காது. "நான் தாயு, திரையில் நீளமாக இருப்பதன் பாதி, இரவு நேரப் பேமெண்ட் பிரச்சினைகளுக்கு என்னைக் கூப்பிடுங்கள்" என்று முடித்துக்கொள்வேன். பத்து வினாடி ஆகாது. அந்த மறுபாதி என்ன என்று யாராவது சாட்டில் கேட்டால், பாறையும் வெள்ளமும் அப்போது வரும்.